நாமா, நாங்களா?

“மீட்டிங் பிரமாதமாப் போச்சுங்ணா” என்று செந்தில் போனில் சொன்னால் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பயம் வரும். பிரமாதமாகப் போன மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டியிருப்பார்கள். வடை, டீ வந்திருக்கும். எந்த வேலை யார் தலையில் என்று மட்டும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

செந்தில் கோவையில் ஏர் கம்ப்ரஸர் விற்கும் ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பொறியாளர். அது அவருடைய உண்மையான பெயர் இல்லை. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாப் பெயர்களும் மாற்றியவை. வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு வந்ததும் அவரும் அவருடைய சகாக்களும் எழுதுகிற மெயில்களை, அனுப்புவதற்கு முன் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. மெயில் ஆங்கிலத்தில்தான் இருக்கும். இங்கே தமிழில் தருகிறேன்.

ஜூன் 10, செவ்வாய்க்கிழமை. பல்லடம் பக்கத்தில் ஒரு நெசவாலை. 24 ஏர்ஜெட் தறிகள். இந்தத் தறிகளில் ஊடை நூலைக் குறுக்கே தள்ளிக்கொண்டு போவது காற்று. அதனால் கம்ப்ரஸர் நின்றால் தறி நிற்கும். ஆலையில் மூன்று பழைய கம்ப்ரஸர்கள்; இரண்டு ஓடும், ஒன்று ஸ்டாண்ட்பை. அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டு, தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற புது மெஷினைப் போடலாமா என்பதுதான் பேச்சு. வாங்குவதற்கு முன் ஓர் ஏர் ஆடிட் செய்துவிடலாம் என்று முடிவாகியிருக்கிறது. அன்று மாலை செந்தில் எனக்கு அனுப்பிய மெயில் இது:

“மதிப்பிற்குரிய சார், இன்று தங்கள் பொன்னான நேரத்தை ஒதுக்கியதற்கு மிக்க நன்றி. கலந்துரையாடல் மிகவும் பயனுள்ளதாக இருந்தது. பேசியபடி ஏர் ஆடிட் விரைவில் மேற்கொள்ளப்படும். தேவையான விவரங்கள் பகிரப்பட்டதும் நாம் வேலையை ஆரம்பிக்கலாம். ரிப்போர்ட் அடுத்த வாரக் கடைசிக்குள் சமர்ப்பிக்கப்படும். அதன் அடிப்படையில் திருத்திய கொட்டேஷன் அனுப்பப்படும். பேமென்ட் டேர்ம்ஸ் பற்றியும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். சந்தேகம் இருந்தால் தயங்காமல் அழைக்கவும். கைண்ட்லி டூ த நீட்ஃபுல்.”

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் இதைப் படிக்கிற ஐந்து பேரில் நாளைக் காலை எழுந்து ஒரு வேலை செய்ய வேண்டியவர் யார் என்று இதில் எங்கேயாவது இருக்கிறதா? மெயில் போகிறவர்கள் ஆலையின் மெயின்டனன்ஸ் மேனேஜர் ரங்கராஜன், எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசர் முருகேசன், பர்ச்சேஸ் பார்க்கும் கீதா. செந்தில் பக்கத்தில் அவருடைய மேலாளரும் சர்வீஸ் இன்ஜினியர் அன்பழகனும். ஐந்து பேரும் படிப்பார்கள். ஐந்து பேரும் ‘சரி, யாரோ பார்த்துக்கொள்கிறார்கள்’ என்று மூடிவிடுவார்கள்.

இதை வெறும் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. ஜான் டார்லி, பிப் லதானே என்ற இரண்டு உளவியலாளர்கள் நியூயார்க்கில் செய்த ஒரு சோதனையை 1968-இல் வெளியிட்டார்கள். மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து இன்டர்காமில் பேசவிட்டார்கள். நடுவில் ஒருவருக்கு வலிப்பு வருவது போல ஒலிப்பதிவு கேட்கும். தன்னைத் தவிர வேறு யாரும் கேட்கவில்லை என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் அது முடிவதற்குள் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நம்பியவர்களில் எழுந்தது 31 சதவீதம். வலிப்புக்கே இந்தக் கதி என்றால், மின் கட்டண ரசீது நகலுக்கு யார் எழுந்து ஓடப்போகிறார்கள்?

திருத்தும்போது நான் முதலில் தேடுவது ‘வீ’ என்ற அந்த ஆங்கிலச் சொல்லைத்தான். ஆங்கிலத்தில் அது ஒன்றே ஒன்று. தமிழில் நமக்கு இரண்டு இருக்கிறது: கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். வீட்டில் நாலு வயதுக் குழந்தைகூட இதில் தப்பு செய்யாது. ‘நாம கடைக்குப் போறோம்’ என்றால் செருப்பைத் தேடும். ‘நாங்க கடைக்குப் போறோம்’ என்றால் அழும். ஆனால் அதே மொழியில் வளர்ந்தவர் ஆங்கிலத்தில் மெயில் எழுத உட்கார்ந்ததும் அந்த வேறுபாடு காணாமல் போகிறது. ‘வேலையை ஆரம்பிக்கலாம்’ என்ற வரியில் இருக்கிற ‘வீ’ யார்? செந்திலின் நிறுவனமா, ஆலையா, இரண்டும் சேர்ந்தா? நான் போனில் கேட்டேன்.

“ரெண்டு பேருந்தாங்ணா.”

“சரி, முதல் அடி யார் எடுத்து வைக்கணும்?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அவங்கதான். பேனலோட டிராயிங் குடுத்தாத்தான் அன்பழகன் வர முடியும்.”

“அது மெயில்ல இல்லையேப்பா.”

“அதெல்லாம் அவங்களுக்கே தெரியுங்ணா.”

தெரியாது. ‘தேவையான விவரங்கள்’ என்று படித்தவர் கம்ப்ரஸரின் மாடல் நம்பரை அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருப்பார். எனவே ஒவ்வொரு ‘வீ’யையும் வெட்டிவிட்டு அந்த இடத்தில் நாமா, நாங்களா என்று எழுதிப் பார்ப்பேன். ‘நாங்கள்’ என்று வந்தால் எங்களில் யார் என்று ஒரு பெயர் வேண்டும். ‘நாம்’ என்று வந்தால் அந்த வரியில் இரண்டு வேலைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். பிரித்து இரண்டு பெயருக்குக் கொடுக்க வேண்டும். இருவர் சேர்ந்து செய்கிற ஒரே வேலை என்று அநேகமாக எதுவுமே கிடையாது. சேர்ந்து பேசுவதற்குக்கூட ஒருவர்தான் முதலில் போனை எடுக்க வேண்டும்.

அடுத்தது ‘படும்’. மேற்கொள்ளப்படும், பகிரப்பட்டதும், சமர்ப்பிக்கப்படும், அனுப்பப்படும். செந்தில் எழுதிய அந்தச் சின்ன மெயிலில் மட்டும் நான்கு. செய்பவரை மறைப்பதற்கென்றே வளர்ந்த நடை இது. அரசாணையில் ஆரம்பித்து ஆபீஸ் மெயிலுக்கு வந்துவிட்டது. அதன் தங்கச்சி ‘-லாம்’: ஆரம்பிக்கலாம், பேசிக்கொள்ளலாம். பேச்சுத் தமிழில் இது எவ்வளவு இதமான விகுதி! யாரையும் கட்டாயப்படுத்தாது, யாரையும் புண்படுத்தாது, யாரும் எதுவும் செய்ய வேண்டியதும் இல்லை. ‘டூ த நீட்ஃபுல்’ பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. நீட்ஃபுல் என்னவென்று எழுதியவருக்கே தெரியாதபோதுதான் அந்த வரி வரும் என்பது என் அனுபவம்.

இங்கே திருத்துபவருக்கு ஓர் எச்சரிக்கை. நான் அந்த அறையில் இல்லை. ‘படும்’ என்று இருக்கும் இடத்தில் எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிற ஒரு பெயரை எழுதிவிடுவது சுலபம்; மெயில் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் அந்த ஆள் ஒப்புக்கொள்ளாத வேலையை, அவருடைய மேலதிகாரி படிக்கிற மெயிலில் அவர் பெயருக்கு எதிரே எழுதுவது வம்பை விலை கொடுத்து வாங்குவது. அதனால் தெரியாத இடங்களில் கோடு போட்டு விட்டுவிட்டு விற்பனைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேட்பேன். அவர் வாயால் ‘செய்கிறேன்’ என்று சொன்னாரா? நாள் சொன்னாரா? அவர் செய்வதற்கு முன் வேறு யாராவது எதையாவது செய்தாக வேண்டுமா?

மூன்றாவது கேள்விதான் செந்திலின் மெயிலைக் கவிழ்த்தது.

ஏர் ஆடிட் என்றால் என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் தேதிக்கணக்கு புரியாது. கம்ப்ரஸரின் மின்பேனலுக்குள், உள்ளே வருகிற கேபிளைச் சுற்றி வளையம் போன்ற கிளாம்பை மாட்டி, ஒரு லாகரோடு இணைப்பார்கள். மெஷின் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை அது விடாமல் பதிந்துகொண்டே இருக்கும். ஒரு முழு வாரம் ஓடவிடுவது வழக்கம். காரணம், பகல் ஷிஃப்ட் மாதிரி இரவு ஷிஃப்ட் இருக்காது, வார நாள் மாதிரி விடுமுறை நாள் இருக்காது. விடுமுறை அன்று தறி எல்லாம் நின்ற பிறகும் கம்ப்ரஸர் திரும்பத் திரும்ப லோடு எடுத்தால், காற்று எங்கோ குழாயில் ஒழுகுகிறது என்று தெரிந்துவிடும். அந்த ஒழுகலை அடைக்காமல் புது மெஷினை அளவெடுத்தால் தேவைக்கு மேல் பெரிய மெஷினை வாங்க நேரும். ஆகவே ரிப்போர்ட் இல்லாமல் கொட்டேஷன் இல்லை, ஏழு நாள் இல்லாமல் ரிப்போர்ட் இல்லை.

இப்போது பின்னாலிருந்து எண்ணுங்கள். அன்பழகன் வெள்ளிக்கிழமை வரை ஓசூரில் வேறு வேலையில் இருக்கிறார். லாகர் மாட்டக்கூடிய முதல் நாள் 14, சனி. ஏழு நாள் ஓடினால் 21, சனி. கழற்றிக்கொண்டு வந்து பதிவுகளை இறக்கி ரிப்போர்ட் எழுத மூன்று வேலை நாள் வேண்டும் என்று அன்பழகனே சொல்கிறார். அது 25, புதன். செந்தில் மீட்டிங்கில் வாக்குக் கொடுத்ததோ ‘அடுத்த வாரக் கடைசி’, அதாவது 20, 21. அந்த நாளில் லாகர் இன்னும் பேனலுக்குள்தான் இருக்கும்.

பெயரும் தேதியும் இல்லாதவரை இந்தப் பொத்தல் யார் கண்ணிலும் படவில்லை. செந்தில் பொய் சொல்லவில்லை. ‘அடுத்த வாரம்’ என்பது அந்த அறையில் சௌகரியமாகக் கேட்ட ஒரு சத்தம், அவ்வளவுதான். மெயிலை அப்படியே அனுப்பியிருந்தால் 23-ஆம் தேதி ரங்கராஜன் ‘ரிப்போர்ட் எங்கே’ என்று கேட்டிருப்பார், விற்பனைக்கு முன்பே ஒரு வாக்கு தவறியிருக்கும்.

இப்படிப்பட்ட தேதி மாற்றத்தை மெயிலில் நைசாகச் செருகி அனுப்பக்கூடாது என்பது என் கட்சி. மெயில் என்பது பேசி முடிந்ததைப் பதிவதற்கு. புதுச் செய்தியை, அதிலும் கெட்ட செய்தியை, முதன்முதலில் சொல்வதற்கு அல்ல. செந்தில் அன்று மாலையே ரங்கராஜனை அழைத்து, ரிப்போர்ட் 25-ஆம் தேதிதான் வரும், ஏன் என்றால் இப்படி, என்று சொன்னார். அவர் சலித்துக்கொள்ளவில்லை. “ஞாயிறு சேர்ந்து வர்ற மாதிரி இருந்தாப் போதுங்க” என்றாராம். அதன் பிறகு போன மெயில் இது:

“பொருள்: ஏர் ஆடிட் – ஜூன் 14 சனி லாகர் மாட்டுவது, 25 புதன் ரிப்போர்ட்

ரங்கராஜன் சார், வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை தறி நின்ற பிறகும் கம்ப்ரஸர் லோடு எடுக்கிறது என்று நீங்கள் காட்டியதைத்தான் முதலில் அளந்து பார்க்கப்போகிறோம். இன்று பேசியதில் முடிவானவை:

ரங்கராஜன் சார் – மூன்று கம்ப்ரஸர் பேனல்களின் மின் வரைபடம், கடந்த 12 மாத மின் கட்டண ரசீது நகல். ஜூன் 12 வியாழன் மாலைக்குள். (ரசீதை அக்கவுன்ட்ஸில் வாங்கித் தருவதாகச் சொன்னீர்கள்.)

முருகேசன் – ஜூன் 14 சனி காலை 8 மணிக்கு ஸ்டாண்ட்பையை ஓடவிட்டு, கம்ப்ரஸர்களை ஒவ்வொன்றாக 20 நிமிடம் நிறுத்தி, பேனலைத் திறந்து தருவது.

அன்பழகன், எங்கள் சர்வீஸ் – அன்று காலை 7.30-க்கு ஆலைக்கு வந்து மூன்றிலும் லாகர் மாட்டுவது. ஜூன் 21 சனி கழற்றுவது. வரைபடம் வியாழனுக்குள் வந்தால்தான் சனிக்கிழமை மாட்ட முடியும்.

செந்தில் – ஜூன் 25 புதன் மாலைக்குள் ரிப்போர்ட். 27 வெள்ளி மாலைக்குள் திருத்திய கொட்டேஷன், கீதா மேடத்துக்கும் ஒரு பிரதி.

இன்னும் முடிவாகாதது ஒன்று: அட்வான்ஸ் எத்தனை சதவீதம் என்பது. எம்.டி. சார்தான் சொல்ல வேண்டும் என்றீர்கள். கொட்டேஷன் அனுப்பிய அன்றே உங்களை அழைத்து, அவரைச் சந்திக்க நேரம் கேட்கிறேன்.

சனிக்கிழமை காலை 8 மணி முருகேசனுக்குச் சரிப்படுமா என்று மட்டும் நாளை மதியத்துக்குள் ஒரு வரி எழுதுங்கள்.

செந்தில்”

சில முடிவுகளுக்குக் காரணம் சொல்ல வேண்டும். பெயர் வரியின் முதலில் நிற்கிறது. படிப்பவர் தன் பெயரைத் தேடித்தான் கண்ணை ஓட்டுவார். அதுவும் போனில், ஷெட்டின் இரைச்சலில் நின்றுகொண்டு. கட்டம் போட்ட அட்டவணை கணினித் திரையில் அழகாக இருக்கும், கைபேசியில் வலது ஓரம் வெட்டுப்படும். வெட்டுப்படும் அந்தக் கட்டத்தில்தான் தேதி இருக்கும். எனவே வெறும் வரிகள்.

ரசீது வைத்திருப்பது அக்கவுன்ட்ஸ். ஆனால் அக்கவுன்ட்ஸிலிருந்து யாரும் மீட்டிங்குக்கு வரவில்லை. வராதவர் பெயரை எழுதி, அவருக்குத் தெரியாமலே ஒரு வேலையை ஒப்படைப்பதில் பயனில்லை. ‘வாங்கித் தருகிறேன்’ என்று சொன்னவர் ரங்கராஜன்; ஆகவே பொறுப்பு அவர் பெயரில். அது போலவே ‘பர்ச்சேஸ் டீம்’, ‘உங்கள் எலெக்ட்ரிக்கல் டிபார்ட்மென்ட்’ என்றெல்லாம் எழுதினால் அது யாருக்கும் கொடுத்ததாகாது. டீமுக்குக் கை இல்லை.

அடைப்புக்குள் இருக்கிற ‘சொன்னீர்கள்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வாடிக்கையாளருக்கு விற்பனைக்காரர் வேலை கொடுக்க முடியாது. அவர் தானாக ஏற்றுக்கொண்டதை அவருக்கே நினைவூட்டத்தான் முடியும். இந்த ஒரு சொல் இல்லாவிட்டால் அந்த வரி கட்டளையாகக் காதில் விழும். நம் ஊரில் அது ஆர்டரையே கெடுத்துவிடும். அதனால்தான் எம்.டி.யின் பெயருக்கு எதிரே எந்த வேலையும் இல்லை. அட்வான்ஸை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. முடிவாகாததை முடிவானதைப் போல எழுதாமல், ‘முடிவாகாதது’ என்று பெயர் சூட்டி, அடுத்த போனை யார் செய்வது என்பதை மட்டும் செந்தில் தன் பெயரில் வைத்துக்கொண்டார். முடிவாகாத விஷயத்துக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு; அது அநேகமாக விற்பனைக்காரர்தான்.

வரைபடம் வந்தால்தான் லாகர் என்ற வரி மிரட்டல் போலத் தோன்றும் என்று செந்தில் தயங்கினார். நான் விடவில்லை. ரங்கராஜன் ஒருநாள் தாமதித்தால் அடுத்தடுத்த தேதிகளும் நகரும். அன்பழகன் அடுத்து எப்போது வருவார் என்பதைப் பொறுத்து அது ஒரு நாளாக நில்லாமல் ஒரு வாரமாகக்கூட ஆகலாம். அதை முன்கூட்டிச் சொல்லாமல் பிறகு ‘நீங்கள்தான் லேட்’ என்பதுதான் உண்மையில் மரியாதைக்குறைவு. ஆனால் எல்லா வரிக்கும் இப்படி நிபந்தனை போட வேண்டியதில்லை. எது தாமதித்தால் மற்றதெல்லாம் நிற்குமோ அதற்கு ஒன்று போதும்.

கிழமையும் தேதியும் சேர்ந்தே இருக்கின்றன. ‘வரும் சனி’ என்று செவ்வாய்க்கிழமை சொன்னால் சிலருக்கு இந்த வாரம், சிலருக்கு அடுத்த வாரம். ‘14 சனி’ என்றால் தகராறு இல்லை. தேதியைத் தப்பாக எழுதினாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

பழைய மெயிலில் இருந்த நன்றி வரிகள் எங்கே என்று செந்தில் கேட்டார். பொன்னான நேரமும் பயனுள்ள கலந்துரையாடலும் எந்த ஆலைக்கும் பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை கம்ப்ரஸர் லோடு எடுப்பதை ரங்கராஜன் தானே கவனித்துக் காட்டினார் என்பது அவருக்கு மட்டுமே பொருந்தும். அந்த வரி நன்றியின் வேலையையும் செய்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு இன்னும் முழுச் சம்மதமில்லை. அடுத்த மெயிலில் பொன்னான நேரம் திரும்ப வந்துவிடும் என்று எதிர்பார்க்கிறேன்.

கடைசியில் கேள்வி ஒன்றே ஒன்று, அதற்கும் ஒரு வரிப் பதில் போதும். ஐந்து கேள்வி கேட்டால் ஐந்துக்கும் பதில் தெரியும்வரை மெயில் ஓரமாகக் கிடக்கும். எந்தக் கேள்வியைக் கேட்பது? எதில் நமக்கு நிச்சயம் குறைவோ அதை. முருகேசன் மீட்டிங்கில் தலையாட்டினார், வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை என்று செந்திலுக்கு நினைவு.

‘நோட்டட்’ என்று பதில் வந்தால் நான் அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்வதில்லை. படித்தார் என்பதற்கு அது சாட்சி இல்லை. யாராவது ஒரு தேதியை மறுத்து, ஒரு பெயரை மாற்றி எழுதினால்தான், ஒவ்வொரு வரியையும் அவர் தன் நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார் என்று பொருள். திருத்தம் வந்தால் மெயிலில் தப்பு என்று விற்பனைக்காரர்கள் வருத்தப்படுவார்கள். எனக்கு நேர் எதிர்.

புதன்கிழமை காலை 11 மணிக்கு ரங்கராஜனிடமிருந்து பதில் வந்தது. இரண்டே வரி: “முருகேசன் 14-ஆம் தேதி வளைகாப்புக்கு லீவு. பேனல் சாவியோடு நானே நிற்கிறேன், 8 மணிக்கு வேண்டாம், 7 மணிக்கே வரச்சொல்லுங்கள்.”

செந்தில் உடனே அன்பழகனுக்கு போன் போட்டார். ஓசூரிலிருந்து வெள்ளி இரவே கிளம்ப வேண்டும்.